தோல் காலுறையும் தயம்மும்: சலுகையில் சறுக்கும் இடங்கள்

உளூவில் காலைக் கழுவுவதற்குப் பதில் காலுறை மேல் ஈரக் கையால் தடவுவது மஸ்ஹு. தண்ணீர் இல்லாதபோதோ, பயன்படுத்த முடியாதபோதோ மண்ணைக் கொண்டு முகத்தையும் கைகளையும் தடவுவது தயம்மும். இரண்டும் சலுகைகள்தான். ஆனால் இவற்றுக்கென்று நிபந்தனைகள் உண்டு. பலரும் தவறுவது எப்படித் தடவுவது என்பதில் அல்ல, எப்போது என்பதில்தான்.

முதலில் காலுறையின் கெடு. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும். அதாவது 24 மணி நேரம், 72 மணி நேரம். எங்கிருந்து எண்ணுவது? காலுறை போட்ட நேரத்திலிருந்து சிலர் எண்ணுகிறார்கள், முதல் மஸ்ஹிலிருந்து சிலர். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்துப்படி, காலுறை போட்ட பிறகு முதன்முதலாக உளூ முறியும் நேரத்திலிருந்துதான் கணக்கு. மாலிகி மத்ஹபில் இப்படி ஒரு கெடுவே கிடையாது.

உள்ளூரில் இருக்கும் ஒருவர் காலை 5 மணிக்குக் காலைக் கழுவி முழு உளூச் செய்து காலுறை போடுகிறார். 9 மணிக்கு உளூ முறிகிறது. லுஹருக்காக 12.30-க்கு உளூச் செய்யும்போது முதல் மஸ்ஹு. கெடு முடிவது மறுநாள் காலை 9 மணிக்கு. ஆகவே மறுநாள் சுபுஹுக்கு மஸ்ஹு செய்யலாம், லுஹருக்கு முடியாது. முதல் மஸ்ஹிலிருந்து எண்ணுபவர் மறுநாள் 12 மணி உளூவிலும் தடவிவிட்டு, அந்த லுஹரைக் கால் கழுவாத உளூவோடு தொழுதுவிடுவார். இடையில் அவர் ஒரு தடவைகூட மஸ்ஹு செய்யாமல் இருந்தாலும் 9 மணிக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நடுவில் பயணம் கிளம்பினால்? ஊரில் மஸ்ஹு செய்துவிட்டுக் கிளம்பியவருக்கு ஷாஃபிஈயில் ஒரு நாள் கெடுதான். ஹனஃபியில், அந்த ஒரு நாள் முடியும் முன் பயணியாகிவிட்டால் மூன்று நாளாக நீட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது தான் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது காலுறை போடும் வரிசை. வலது காலைக் கழுவியதும் உடனே அதில் காலுறையை மாட்டிவிட்டு, அப்புறம் இடது காலைக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். ஷாஃபிஈயில் இது செல்லாது, ஏனென்றால் வலது காலுறை ஏறும்போது உளூ இன்னும் முழுமையாகவில்லை. அதைக் கழற்றி மறுபடி போட்டாலே போதும், சரியாகிவிடும். உளூ முறியும் நேரத்தில் தூய்மை முழுமையாக இருந்தால் போதும் என்பது ஹனஃபி நிலை.

தயம்மும் வந்து கலக்கும்போதுதான் குழப்பம் அதிகம். பயணத்தில் தண்ணீர் இல்லாமல் தயம்மும் செய்து, அதோடு காலுறையும் போட்ட ஒருவருக்குப் பின்னால் தண்ணீர் கிடைக்கிறது. ‘தூய்மையான நிலையில்தானே போட்டேன்’ என்று அவர் மஸ்ஹு செய்கிறார். செல்லாது. தண்ணீர் கிடைத்ததும் அந்தத் தயம்மும் போய்விட்டது, அவருடைய பாதங்களில் தண்ணீர் படவே இல்லை. காலுறையைக் கழற்றிக் காலைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

இதையே திருப்பிப் போடுவோம். ஒருவர் தண்ணீரால் உளூச் செய்து காலுறை போட்டார். உளூ முறிந்தது, தண்ணீர் இல்லை, தயம்மும் செய்து தொழுதார். தயம்முமில் பாதத்துக்கு வேலையில்லை என்பதால் காலுறையைக் கழற்றத் தேவையில்லை. பிறகு தண்ணீர் கிடைத்தால், கெடு மீதமிருக்கும்வரை உளூவில் தாராளமாக மஸ்ஹு செய்யலாம். பார்வைக்கு இருவரும் ஒன்றுபோல் இருப்பார்கள். சட்டம் கேட்பது, காலுறை ஏறியபோது இருந்த தூய்மை எது என்று.

தயம்மும் எத்தனை தொழுகைக்கு என்பதிலும் இதே அவசரம் உண்டு. லுஹருக்குச் செய்த தயம்முமை வைத்து அஸரையும் தொழுவது ஹனஃபியில் சரி, முறியாமல் இருந்தால் போதும். ஷாஃபிஈயில் ஒரு தயம்முமுக்கு ஒரு ஃபர்ளு மட்டும். அதுவும் தொழுகை நேரம் வந்து, தண்ணீரைத் தேடிப் பார்த்த பிறகு. சுன்னத்துகளை அதே தயம்முமில் எத்தனை வேண்டுமானாலும் தொழலாம். பாறையிலோ கல்லிலோ கை அடிப்பதும் இப்படித்தான்: ஹனஃபியில் கூடும், ஷாஃபிஈயில் தூசி உள்ள மண் வேண்டும்.

கடைசியாக, குளிப்புக் கடமையாகிவிட்டால் காலுறை மஸ்ஹு உதவாது. 10 மணி நேரக் கெடு மீதமிருந்தாலும் கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் குளிப்புக்குப் பதிலாகவும் தயம்மும் உண்டு. அப்போது உடம்பெல்லாம் மண்ணைப் பூச வேண்டியதில்லை, அதே முகமும் கைகளும்தான். தண்ணீர் கிடைத்ததும் குளிப்பு மறுபடி கடமையாகிவிடும்.