பயிர்க்கடன் தவணைத் தேதியை அறுவடையோடு பொருத்துவது, பயிர் போனால் கடனை மாற்றியமைப்பது: சம்பா நெல்லை வைத்து ஒரு செய்முறை விளக்கம்

முதல்முறை பயிர்க்கடன் வாங்குபவர்கள் வட்டி எவ்வளவு என்று கேட்பார்கள், தவணைத் தேதி என்றைக்கு என்று கேட்க மாட்டார்கள். பயிர் போன வருஷத்தில் உங்களைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் அந்தத் தேதிதான். டெல்டாவில் இரண்டரை ஏக்கர் சம்பா போடுபவர் கிசான் கடன் அட்டையில் 1 லட்ச ரூபாய் வாங்குவதாக வைத்து, வரிசையாகப் பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் தொகையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: பணம் கைக்கு வரும் நாளை முதலில் கணக்கிடுங்கள்

சம்பா அறுவடை பெரும்பாலும் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் நடக்கும். அறுத்த அன்றே பணம் வராது. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வழக்கமாக நெல்லை எடுப்பார்கள். அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் காயவைக்கவே ஒரு வாரம் போகும். பிறகு மூட்டைகள் வரிசையில் நிற்கும், எடை போட்ட பிறகுதான் பணம் கணக்கில் ஏறும். ஆகவே பிப்ரவரி நடுவில் அறுப்பவர் மார்ச் கடைசிக்கு முன் கட்டுவதாக எண்ணக்கூடாது.

வங்கியோ கூட்டுறவு சங்கமோ பயிரின் காலத்தோடு விற்பனைக்கான அவகாசத்தையும் சேர்த்துத்தான் தேதி குறிக்கும். ஆனால் அது வழக்கமான நடவை வைத்துப் போட்ட கணக்கு. வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்து நடவு ஒரு மாதம் தள்ளிப்போனால், கடன் வாங்கும்போதே அதை எழுதிக் கொடுத்துத் தேதியை நகர்த்தச் சொல்லுங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது கடினம். அனுமதிக் கடிதத்தில் தவணைத் தேதி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

படி 2: தேவைக்கு ஏற்ப எடுங்கள்

கிசான் கடன் அட்டை என்பது வரம்புக்குள் எடுத்துக் கட்டும் கணக்கு. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. செப்டம்பர் 1 அன்று உழவு, நாற்று, நடவு கூலிக்கு 60,000, நவம்பர் 1 அன்று உரத்துக்கும் களையெடுப்புக்கும் 40,000 என்று எடுத்து மார்ச் 31-க்குள் அடைத்தால், 7 சதவீதத்தில் வட்டி சுமார் 3,617 ரூபாய். மொத்தத்தையும் செப்டம்பரிலேயே எடுத்திருந்தால் 4,083 ஆகியிருக்கும்.

3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு, தேதிக்குள் கட்டினால் 3 சதவீத ஊக்கச் சலுகை உண்டு. அப்போது வட்டி 4 சதவீதம்தான், 3,617 என்பது சுமார் 2,067 ஆகிவிடும். தேதி தவறினால் இந்தச் சலுகை போய்விடும். தமிழ்நாட்டுத் தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தில் வாங்கியிருந்தால், தேதிக்குள் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. அங்கே தவறவிடுவதன் நஷ்டம் இன்னும் பெரிது.

படி 3: அடங்கலும் காப்பீடும் ஒன்றுபோல இருக்கட்டும்

நட்ட பயிர் அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் சாகுபடிப் பதிவேட்டில், ஏறியிருக்க வேண்டும். கடன் நெல்லுக்கு, அடங்கலில் வேறு பயிர் என்றிருந்தால் காப்பீடும் வராது, கடன் மாற்றியமைப்பும் நடக்காது. சர்வே எண்ணின் உட்பிரிவில் ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான். காப்பீட்டு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 என்றால் 540 ரூபாய். கடன் வாங்கியவருக்கும் 2020 முதல் இது கட்டாயமில்லை. வங்கியே பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள், பாஸ்புக்கில் பிடித்தம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: பயிர் போனால், தேதி வரும் முன்பே நகருங்கள்

அறுத்து வயலில் காயப்போட்ட நெல், அறுத்த 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உதவி எண் 14447. அழைக்கும்போது காப்பீட்டு விண்ணப்ப எண், சர்வே எண், சேதமான நாள் மூன்றும் கையில் இருக்கட்டும். வயலின் எல்லை தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

மற்றபடி, பருவம் முழுக்கச் சேர்ந்த விளைச்சல் இழப்பு உங்கள் வயலைப் பார்த்து முடிவாகாது. கிராம அளவில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்துத்தான் இழப்பீடு. காப்பீடு உறுதி தரும் உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,800 கிலோ, கிடைத்தது 900 என்றால் பாதி இழப்பு. 36,000-க்கு 18,000, இரண்டரை ஏக்கருக்கு 45,000. உங்கள் வயலில் விளைச்சல் குறைந்து, ஊரின் சராசரி நன்றாக இருந்தால் ஒன்றும் வராமலும் போகலாம். வரும்போதும் பல மாதம் ஆகும், தவணைத் தேதிக்குள் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அதனால் கடனைத் தனியாகக் கையாள வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2018 வழிகாட்டுதலின்படி, இயற்கைப் பேரிடர் பாதித்த பகுதி என்று முடிவாகி, பயிர் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றலாம். இழப்பு 33 முதல் 50 சதவீதத்துக்குள் என்றால் 2 ஆண்டு வரையும், 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு வரையும் கட்டலாம். இதில் ஓராண்டு கட்டாமல் இருக்கும் விடுப்பும் சேர்க்கலாம். நம் கணக்கில் 60 சதவீதம் போயிருந்தால், முதல் ஆண்டு விடுப்பு, பிறகு ஆண்டுக்கு 25,000 அசலும் வட்டியுமாக நான்கு ஆண்டு என்று கேட்கலாம். வட்டிச் சலுகை வழக்கமாக முதல் ஆண்டுக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டிலிருந்து வழக்கமான வட்டி ஓடும். ஆகவே தேவைக்கு மேல் நீட்டிக் கேட்காதீர்கள், காப்பீட்டுப் பணம் வந்ததும் அசலில் கட்டிவிடுங்கள்.

இதில் முக்கியமான ஒரு நிபந்தனை பலருக்கும் தெரியாது. பேரிடர் வந்த நாளில் கடன் ஏற்கெனவே தவணை தவறியிருக்கக் கூடாது. போன போகத்துக் கடனை இழுத்தடித்து வைத்திருந்தால் இந்தப் போக வெள்ளத்தில் இந்தக் கதவு மூடியிருக்கும்.

மனுவை நீளமாக எழுத வேண்டாம்:

"எனது பயிர்க்கடன் கணக்கு எண் ___. சர்வே எண் ___, இரண்டரை ஏக்கர் சம்பா நெல், ___ தேதி பெய்த மழையில் சேதமடைந்தது. தவணைத் தேதி ___. கடனைத் தவணைக் கடனாக மாற்றியமைத்து, அடுத்த போகத்துக்குப் புதுக்கடன் வழங்க வேண்டுகிறேன். அடங்கல், சேதச் சான்று, படங்கள் இணைத்துள்ளேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது பிறகு கணக்கில் வராது. சேதம் நடந்த சில வாரங்களுக்குள் கொடுப்பது நல்லது, மூன்று மாதத்துக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பதே அந்த வழிகாட்டுதல். அரசு நிவாரணத் தொகை வந்தாலும் கடன் தள்ளுபடியானதாக அர்த்தமில்லை.

பேரிடர் அறிவிப்பு இல்லாதபோது

பூச்சியிலோ மோட்டார் பழுதிலோ உங்கள் வயல் மட்டும் போனால் மேலே சொன்னது உரிமையாகக் கிடைக்காது, மேலாளரின் முடிவுதான். அப்போதும் தேதிக்கு முன்னால் போய், கையில் இருப்பதை வட்டிக்காவது கட்டி, அவகாசம் எழுதிக் கேளுங்கள். குறுகிய காலப் பயிர்க்கடன், தேதி தாண்டி இரண்டு பயிர்ப் பருவம் கட்டாவிட்டால்தான் வாராக்கடனாகும். அந்த இடைவெளியில் அடுத்த போகத்து விளைச்சல் வந்துவிட வாய்ப்புண்டு.

இந்த நேரத்தில் பலர் செய்வது, கந்துவட்டிக்கு வாங்கிக் கடனைக் கட்டிவிட்டு மறுநாளே புதுக்கடன் எடுத்து வட்டிக்காரருக்குத் திருப்புவது. புத்தகத்தில் கடன் ஒழுங்காக இருப்பதாகத் தெரியும், ஆனால் போன பயிரின் பாரம் அப்படியே புதுக்கடனில் ஏறி, அடுத்த நடவுக்கு விதை வாங்கக்கூட அதில் மிச்சம் இருக்காது. புதுக்கடன் நான்கு நாள் தாமதமானாலும் கந்துவட்டி அதைத் தின்றுவிடும். மாற்றியமைப்பு கிடைக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். செய்தால் கடன் கட்டப்பட்டதாகவே பதிவாகிவிடும், பிறகு மாற்றியமைக்க அங்கே கடனே இருக்காது.