துவக்க வேக அட்டவணையிலிருந்து வினைவகையும் வேக மாறிலியும் காணும் முறை

நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜனும் வினைபுரிந்து நைட்ரஜனையும் நீராவியையும் தருகின்றன:

2NO + 2H₂ → N₂ + 2H₂O

வினைவேக விதியை இப்படி எழுதிக்கொள்வோம்: வேகம் = k[NO]ˣ[H₂]ʸ. இதில் k வேக மாறிலி, [NO], [H₂] செறிவுகள், x, y என்ற அடுக்குகளே அந்தந்தப் பொருளைப் பொறுத்த வினைவகைகள். சமன்பாட்டில் இரண்டு இடத்திலும் 2 இருப்பதால் x, y இரண்டுமே 2 என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். அடுக்குகளைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்காக ஓர் அட்டவணை அமைத்திருக்கிறேன். மூன்று சோதனைகளும் ஒரே வெப்பநிலையில் நடந்தவை என்று கொள்க. வெப்பநிலை மாறினால் k-யும் மாறிவிடும், பிறகு ஒப்பிட முடியாது.

| சோதனை | [NO] மோல்/லிட்டர் | [H₂] மோல்/லிட்டர் | துவக்க வேகம் மோல்/லிட்டர்·வினாடி |
|---|---|---|---|
| 1 | 0.0040 | 0.0020 | 8.0 × 10⁻⁶ |
| 2 | 0.0080 | 0.0020 | 3.2 × 10⁻⁵ |
| 3 | 0.0120 | 0.0050 | 1.8 × 10⁻⁴ |

படி 1: ஒரு செறிவு மாறாத இணையைத் தேடுங்கள். 1, 2-இல் [H₂] மாறவில்லை. [NO] இரு மடங்காகிறது, வேகம் நான்கு மடங்காகிறது. 2ˣ = 4, எனவே x = 2. வேகங்களைக் கழித்துப் பார்ப்பதில் பயனில்லை, வகுக்கத்தான் வேண்டும்.

ஆய்வகத்தில் விகிதம் சரியாக 4 வராது. 3.9 வந்தால் log 3.9 ÷ log 2 = 1.96. அதை 2 என்று எடுத்துக்கொள்ளலாம். அடுக்கு 1.5 போல வந்தால் வலிந்து முழு எண்ணாக்க வேண்டாம், பின்ன வினைவகைகளும் உண்டு.

படி 2: அடுத்த அடுக்கு. [NO] மாறாமல் [H₂] மட்டும் மாறும் இணை இங்கே இல்லை. பலர் தடுமாறும் இடம் இது. ஆனால் x கையில் இருக்கிறதே! சோதனை 3-ஐ 1-ஆல் வகுங்கள். [NO] 3 மடங்கு, [H₂] 2.5 மடங்கு, வேகம் 22.5 மடங்கு.

3² × 2.5ʸ = 22.5
2.5ʸ = 2.5, எனவே y = 1

மொத்த வினைவகை 2 + 1 = 3.

படி 3: k. சோதனை 1-இன் மதிப்புகளைப் பிரதியிடுங்கள்.

k = 8.0 × 10⁻⁶ ÷ (0.0040² × 0.0020) = 250

அலகு லிட்டர்² மோல்⁻² வினாடி⁻¹. வினைவகை மாறினால் இந்த அலகும் மாறும் என்பதால் மனப்பாடம் செய்யாமல், வேகத்தின் அலகைச் செறிவின் அலகுகளால் வகுத்தே எழுதுங்கள்.

படி 4: சரிபார்ப்பு. சோதனை 3-இலும் k = 250 வருகிறது. எந்த வரிசையை வைத்துச் சரிபார்க்கிறோம் என்பது முக்கியம். சமன்பாட்டைப் பார்த்து y = 2 என்று போட்டிருந்தால், சோதனை 1, 2 இரண்டுமே 1,25,000 என்று ஒரே k-ஐத் தந்திருக்கும். அவற்றில் [H₂] மாறவே இல்லை, பிழை எப்படித் தெரியும்? சோதனை 3 மட்டும் 50,000 தரும். [H₂] 2.5 மடங்கு கூடும்போது k-யும் அதே 2.5 மடங்கு குறைகிறது என்றால், [H₂]-க்கு ஓர் அடுக்கு அதிகமாகப் போட்டுவிட்டோம் என்று பொருள்.