டெலிகிராம் கூட்டத்தில் கதைக்க முடியவில்லையா?

ஊர்ச்சங்கக் குழுவில் குரல் அறை தொடங்கினால், திரையின் மேலே ஒரு பட்டை வரும். அதைத் தட்டிச் சேரலாம். உள்ளே போன பிறகுதான் சிக்கல். கனடாவில் இருக்கும் மாமா மைக்கை அமத்தி அமத்திப் பார்ப்பார், சத்தம் போகாது. புதிதாக வருவோர் கேட்க மட்டும் என்று நிர்வாகி வைத்திருப்பார் (ஐம்பது பேர் கூடினால் இது தேவைதான்). அப்போது மைக்கைத் தட்டினால் அது கை தூக்கியதாகவே கணக்கு. குரல் அறையை நடத்தும் உரிமை உள்ள நிர்வாகி, பட்டியலில் அந்தக் கையைப் பார்த்து, பெயரைத் தொட்டு அனுமதி கொடுக்க வேண்டும். சரி, அனுமதி வந்தாலும் மைக் தானாகத் திறக்காது. மாமா இன்னொரு தடவை தட்ட வேண்டும். அங்கேதான் பலர் காத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.