புள்ளியா, நிழலா? கன்சோல் திரையில் கறை தெரிந்தால் செய்யக்கூடாதவை

சென்ற மாதம் தம்பி மகன் தன் கையடக்க கன்சோலை என்னிடம் நீட்டினான். வெள்ளைப் பின்னணி வரும்போதெல்லாம் திரையின் நடுவில் கடுகைவிடச் சிறிய நீலப்பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. நிறங்கள் மாறி மாறி மின்னும் வீடியோ ஒன்றை முந்தைய இரவு ஆறு மணி நேரம் ஓடவிட்டிருக்கிறான். புள்ளி அசையவில்லை. என்ன பழுது என்று பார்ப்பதற்கு முன்பே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டான். பலரும் செய்யும் முதல் தவறு இதுதான்.

அடுத்தது, ஒரே நிறத்தை வைத்து முடிவுக்கு வருவது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியே ஒளிரும் துணைப் பிக்சல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒளிரவே இல்லையென்றால் அது செத்தது. அணையவே இல்லையென்றால் சிக்கியது. இரண்டும் சில நிறங்களில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். அதனால் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஐந்தையும் திரை முழுக்க நிரப்பிப் பார்க்க வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் யூடியூப் செயலி வழியாக ஒற்றை நிற வீடியோ போதும். ஸ்டீம் டெக் கன்சோலில் டெஸ்க்டாப் நிலைக்குப் போய் ஒற்றை நிறப் படங்களை முழுத்திரையில் திறக்கலாம்.

அவனுடைய கன்சோலில் அப்படிப் பார்த்தோம். கறுப்பில் புள்ளி இல்லை. வெள்ளையில் நீலப்பச்சை. சிவப்பில் கரும்புள்ளி. பச்சையிலும் நீலத்திலும் மறுபடி மறைந்துவிட்டது. வெள்ளையிலிருந்து சிவப்பை எடுத்தால் மிஞ்சுவது நீலப்பச்சை. ஆகவே அங்கே சிவப்புத் துணைப் பிக்சல் செத்திருக்கிறது. அது சிக்கியிருந்தால் எல்லாம் தலைகீழாக இருந்திருக்கும்: கறுப்பில் சிவப்பாக மின்னும், பச்சையில் மஞ்சளாகத் தெரியும், வெள்ளையில் காணாமல் போகும். மின்னும் வீடியோ, பின்னொளியால் ஒளிரும் எல்சிடி திரையில் சிக்கிய பிக்சலைச் சில சமயம் விடுவிக்கும். செத்ததை அது எழுப்பாது.

துணியால் சுற்றிய பென்சிலால் புள்ளியை அழுத்தச் சொல்லும் யோசனையையும் அவன் எங்கோ படித்திருந்தான். நல்லவேளை, செய்யவில்லை. அழுத்தம் பக்கத்துப் பிக்சல்களையும் கெடுக்கக்கூடும். பிக்சல்கள் தாமே ஒளிரும் ஓஎல்இடி திரையின் மெல்லிய அடுக்குகளுக்கு அது இன்னும் ஆபத்து.

பாதுகாப்புக் கண்ணாடிக்கு அடியில் சிக்கிய தூசியைப் பிக்சல் பழுது என்று நினைப்பதும் உண்டு. தலையைச் சாய்த்துப் பாருங்கள். தூசி பிக்சலுக்கு மேலே இருப்பதால், பார்க்கும் கோணம் மாறும்போது கீழேயுள்ள படத்தின் மீது நகர்வதுபோலத் தெரியும். பிக்சல் நகராது. ஸ்கிரீன்ஷாட்டும் கைகொடுக்கும்: அது பதிவு செய்வது கன்சோல் உருவாக்கிய படத்தையே தவிர, திரையை அல்ல. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டைக் கைப்பேசியில் திறந்தாலும் கறை இருந்தால் கோளாறு திரையில் இல்லை, விளையாட்டில் இருக்கிறது. இதே காரணத்தால் பழுதுக்கு ஆதாரமாகக் கடைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது வீண். கேமராவில் எடுத்த படம்தான் வேண்டும்.

நிழல் படிதல் வேறு கதை. அது புள்ளியாக வராது, ஓர் உருவமாக வரும்: மூலையில் வட்டமான வரைபடம், மேலே உயிர்களைக் காட்டும் இதய வரிசை என்று நெடுநேரம் அசையாமல் இருந்த ஏதோ ஒன்றின் சாயல். கறுப்புத் திரையில் அதைத் தேடுவது தவறு. நடுத்தரச் சாம்பல் நிறத்தில்தான் அது நன்றாகத் துலங்கும். ஓஎல்இடி திரையில் மங்கிய சாம்பலில் புதிதாக வாங்கிய அன்றே மெல்லிய கோடுகளோ திட்டுகளோ தெரியலாம். எந்த உருவத்தோடும் பொருந்தாவிட்டால் அது தயாரிப்பில் வந்த சீரின்மை, படிந்த நிழல் அல்ல.

அந்த நிழல் தங்குமா, போகுமா என்பதை நேரம்தான் சொல்லும். தானியங்கி வெளிச்சத்தை நிறுத்திவிட்டுச் சாம்பல் திரையைப் படமெடுங்கள். கன்சோலை முழுவதுமாக அணைத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் அதே வெளிச்சத்தில் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். 2017-இல் வந்த முதல் ஸ்விட்சில் இருப்பது எல்சிடி. திரவப் படிகத்தில் ஒரு பக்கம் சேர்ந்த மின்னூட்டம் கலைந்ததும் நிழல் பெரும்பாலும் மங்கிவிடும். 2021-இல் வந்த ஓஎல்இடி ஸ்விட்ச், 2023-இல் வந்த ஓஎல்இடி ஸ்டீம் டெக் போன்றவற்றில் தற்காலிக நிழலும் வரலாம், நிரந்தரமானதும் வரலாம். சில நாள் கழித்தும் அதே இடத்தில் அதே உருவம் மாறாமல் நின்றால் அங்குள்ள ஒளிரும் பொருளே தேய்ந்திருக்கிறது.

அதைப் போக்கவென்று வெள்ளைத் திரையை உச்ச வெளிச்சத்தில் மணிக்கணக்கில் எரியவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. தேய்ந்தது திரும்பாது, நன்றாக இருக்கும் மற்றப் பிக்சல்களின் ஆயுளும் சேர்ந்து குறையும்.

ஓரிரு பிக்சல் பழுதை உத்தரவாதத்தின் கீழ் குறையாக ஏற்காத தயாரிப்பாளர்கள் உண்டு. கடை மாற்றித்தரும் கெடுவோ சில நாள்களிலேயே முடிந்துவிடும். தம்பி மகன் வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது; கடை கொடுத்த கெடு பத்து. ஐந்து நிறங்களிலும் புள்ளியைப் படமெடுத்து அன்று மாலையே பில்லோடு கடைக்குப் போனோம். வேறு கன்சோல் கொடுத்தார்கள். கடையை விட்டு வெளியேறும் முன்பே, அங்கேயே நின்று, ஐந்து நிறங்களையும் ஓட்டிப் பார்த்தான்.