சமையல் வகுப்புக்கு ஸ்லைடு தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகப் பொதுச் சமையல் வகுப்பு நடத்தப்போகும் ஒருவர் தன் ஸ்லைடுகளைப் பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். அழகாக இருந்தன. ஆனால் இரண்டாவது ஸ்லைடிலேயே, நான் முதல் வருடம் செய்த அதே தவறு. எழுத்துப் பிழை, பொடி எழுத்து, மங்கலான படம் இதெல்லாம் ஒரு தடவை போட்டுப் பார்த்தாலே கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சர்க்கரையை ஒரே வரியில் எழுதுவது

இன்னமும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். அன்று ஸ்பாஞ்ச் கேக் வகுப்பு. ஆறு மேசை, மேசைக்கு நான்கு முட்டை. பொருள்கள் ஸ்லைடில் "சர்க்கரை – 120 கிராம்" என்று எழுதியிருந்தேன். அதில் 80 கிராம் மஞ்சள் கருவோடு அடிக்க, மீதி 40 வெள்ளைக் கருவுக்கு. இது என் தலைக்குள் இருந்ததே தவிர ஸ்லைடில் இல்லை. இரண்டாம் படியில் "மஞ்சள் கருவுடன் சர்க்கரையைச் சேர்த்து அடிக்கவும்" என்று மட்டும் இருந்தது. ஐந்து மேசைகள் 120 கிராமையும் அதிலேயே கொட்டிவிட்டன. அவர்கள் மேல் குற்றமே இல்லை, எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள்.

அப்புறம் வெள்ளைக் கருவை அடிக்கும்போதுதான் தெரிந்தது. சர்க்கரை சேராத நுரை சீக்கிரமே வறண்டு, பஞ்சுத் துணுக்குபோலத் திரிந்து நின்றது. மாவோடு கலந்தால் சேரவில்லை, அழுத்திக் கலந்தால் காற்று போய்விட்டது. ஸ்பாஞ்ச் கேக் எழும்புவது அந்தக் காற்றால்தான், நாங்கள் பேக்கிங் பவுடர் சேர்க்கவில்லை. ஐந்து கேக்குகளும் தட்டையாக, ரப்பர்போல வந்தன. இருபது முட்டை வீண். மறுபடி செய்ய முட்டையும் இல்லை, நேரமும் இல்லை.

இதற்கு வழி சுலபம். ஒரு பொருள் இரண்டு இடத்தில் போகிறது என்றால் பொருள்கள் ஸ்லைடில் அதை இரண்டு வரியாக எழுதுங்கள்:

சர்க்கரை – 80 கிராம் (படி 2, மஞ்சள் கருவுக்கு)
சர்க்கரை – 40 கிராம் (படி 3, வெள்ளைக் கருவுக்கு)

இப்படி எழுதினால், எடை போடும்போதே தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுவார்கள். படி ஸ்லைடிலும் அளவு மறுபடி வர வேண்டும். முதல் படிக்குப் போனதுமே பொருள்கள் ஸ்லைடு திரையிலிருந்து மறைந்துவிடுகிறது, யாருக்கும் அளவு நினைவில் இருக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அளவு இரண்டு இடத்தில் இருப்பதால், ஆறு முட்டைக்கு மாற்றும்போது ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவோம். அதனால் நான் ஒவ்வொரு தடவையும் பொருள்கள் ஸ்லைடை அச்செடுத்துக்கொண்டு, படிகளை மட்டும் வாசித்தபடி, பயன்படுத்திய அளவைப் பென்சிலால் கழித்துக்கொண்டே வருவேன். கடைசியில் எல்லா வரியும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு மிச்சமிருந்தாலும், ஏதோ ஒரு படியில் அது விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்லைடு எண்ணும் படி எண்ணும் சேர்ந்து வருவது

தலைப்பு ஒரு ஸ்லைடு, பொருள்கள் ஒரு ஸ்லைடு. ஆக, முதல் படியின் மூலையில் 3 என்று வரும், படத்தின் மேல் 1 என்று இருக்கும். "மூன்றாவதைப் பாருங்கள்" என்று சொன்னால் பாதிப்பேர் ஒன்றையும் மீதிப்பேர் வேறொன்றையும் பார்ப்பார்கள். தானாக வரும் ஸ்லைடு எண்ணை அணைத்துவிடுங்கள். படி எண்ணைப் படத்தோடு ஒட்டிச் சேமிக்காமல் மேலே தனி எழுத்துப் பெட்டியாக வையுங்கள். நடுவில் ஒரு படி சேர்ந்தால், பின்னால் வருகிற எண்களையும் பொருள்கள் ஸ்லைடில் எழுதிய படி எண்களையும் மாற்றினால் போதும்.

நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டாத படம்

பீட்டர் சுழன்றுகொண்டிருக்கும் படம் பார்க்க உயிரோட்டமாக இருக்கும், ஆனால் எதுவும் சொல்லாது. வெள்ளைக் கருவுக்கு வேண்டியது, பீட்டரைத் தூக்கித் திருப்பிப் பிடித்தால் நுரையின் முனை சாயாமல் நிற்கிற படம். இடம் இருந்தால், பக்கத்திலேயே முனை வளைகிற படத்தையும் போட்டு "இன்னும் அடிக்கணும்" என்று எழுதுங்கள். அளவுக்கு மீறி அடித்துத் திரிந்துபோன நுரையின் படம் இருந்தால் இன்னும் நல்லது. என்னிடம் அன்று எடுத்தது இருக்கிறது, இன்றும் அதைத்தான் போடுகிறேன்.

நிறத்தை மட்டும் நம்புவது

புரொஜெக்டரில் பொன்னிறமும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். 180 டிகிரி, 25 நிமிடம், நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வர வேண்டும் என்று எழுத்தில் போடுங்கள்.

எதிரே நின்று எடுத்த படம்

சமைப்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுங்கள்.