நீண்ட மருத்துவ விடுப்புக் கடிதம்: திருத்தி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை முடிவாகியிருக்கிறது என்று கொள்வோம். முதல் வரைவில் அவர் இரண்டு ஆண்டு இரத்தப்போக்கு, பலன் தராத மாத்திரைகள், ஸ்கேனில் தெரிந்த கட்டிகள் என எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, கடைசியில் "கோபித்துக்கொள்ளாமல் சில வாரங்கள் விடுப்பு தந்து உதவுங்கள்" என்று முடிக்கிறார். மேலாளர் அறியத் தேவையில்லாத நோய்க்கதை விரிவாக இருக்கிறது. அவர் அறிய வேண்டிய தேதிகளோ எங்குமே இல்லை. நீளத்தைவிட இதுதான் பெரிய தவறு.

திருத்திய கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஜூன் 9 அன்று அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. அதன்பின் ஆறு வார ஓய்வு தேவை என்று மருத்துவர் சான்றளித்துள்ளார். ஆகவே ஜூன் 8 முதல் ஜூலை 20 வரை மருத்துவ விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூலை 16 அன்று நடைபெறும் மறுபரிசோதனைக்குப் பின் திரும்பும் நாளில் மாற்றம் இருந்தால் உடனே தெரிவிப்பேன். நிலுவைப் பணிகளை ஜூன் 5க்குள் ஒப்படைத்துவிடுவேன். மருத்துவச் சான்றிதழ் மனிதவளப் பிரிவுக்குத் தனியே அனுப்பப்பட்டுள்ளது."

இதில் கெஞ்சல் இல்லை, மரியாதை குறையவுமில்லை. பணியை ஒப்படைக்கும் நாளைச் சொல்வதே அலுவலகத்தின் மீதுள்ள அக்கறையைக் காட்டிவிடுகிறது. "எப்போது அழைத்தாலும் பேசுவேன்" என்று வாக்களித்தால், மயக்க மருந்தின் அசதி தீருமுன்பே அழைப்புகள் வரத் தொடங்கும்.

ஸ்கேன் அறிக்கையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடிதத்துடன் இணைப்பது அடுத்த தவறு. விடுப்பு மின்னஞ்சல் ஒப்புதலுக்காகப் பலருக்கு அனுப்பப்படும்போது இணைப்புகளும் உடன் செல்கின்றன. சிகிச்சையின் பெயரைக் குறிப்பிடாமல் ஓய்வுக்காலத்தை மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். நிறுவனத்தின் விதி நோயின் பெயரைக் கட்டாயமாகக் கேட்டால், அதை மனிதவளப் பிரிவில் உரிய அலுவலருக்கு மட்டும் அனுப்பலாம். மின்னஞ்சலின் தலைப்பில் நோயின் பெயர் கூடவே கூடாது. காப்பீட்டுக்கான ஆவணங்களுக்குத் தனி வழி உண்டு. அவற்றை விடுப்புக் கடிதத்தோடு கலக்க வேண்டாம்.

அந்தரங்கம் காக்க நினைத்து, காய்ச்சல் என்றோ உறவினர் திருமணம் என்றோ எழுதுவது இன்னும் மோசமானது. பின்னர் தரும் சான்றிதழ் அதற்கு முரணாக நிற்கும்போது, நேர்மையான விடுப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும். காரணத்தைச் சொல்லாமல் விடலாம், பொய்க்காரணம் சொல்லலாகாது.

காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டிய இடமும் உண்டு. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு இந்தியாவில் சட்டப்படி உண்டு, ஆனால் அதைப் பெற உரிய சான்றைக் காட்ட வேண்டும். பொதுவாக "உடல்நலக் குறைவு" என்று மட்டும் எழுதினால் அது சாதாரண நோய்விடுப்பில் கழிக்கப்படக்கூடும். அப்போது மேலாளருக்குச் சுருக்கமான கடிதமும், சட்ட உரிமையைக் குறிப்பிட்டு மனிதவளப் பிரிவுக்குச் சான்றுடன் மற்றொன்றுமாக இரண்டாகப் பிரித்து எழுதுவதே சரி.