பாலிசி முடியும் முன், வரக்கூடிய கிளெய்மை எழுதிக் கொடுப்பது எப்படி?

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்து கொடுத்திருந்தேன். மார்ச் 20 அன்று உரிமையாளர் பால்கனி விரிசலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "வேற இன்ஜினியர் பாத்தாருங்க சார், கம்பி கம்மின்றாரு" என்று ஒரு வரி. பணம் கேட்கவில்லை, வக்கீல் நோட்டீஸும் இல்லை. என் வேலையில் தவறு என்று யாராவது நஷ்டஈடு கேட்டால் கைகொடுக்கும் ப்ரொஃபெஷனல் இன்டெம்னிட்டி பாலிசியோ மார்ச் 31 நள்ளிரவோடு முடிகிறது.

இந்தப் பாலிசியில் வேலை செய்த தேதியை விட, கிளெய்ம் வந்த தேதிதான் முக்கியம். அவர் ஜூனில் வழக்குப் போட்டால் பழைய பாலிசி முடிந்திருக்கும். புதுப் பாலிசிக்காரர்கள், "உங்களுக்கு முன்பே தெரியுமே" என்பார்கள். அதனால் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

1. நிபந்தனைகளைப் படியுங்கள். பெயர், தேதி, தொகை எல்லாம் உள்ள ஷெட்யூல் பக்கம் மட்டும் போதாது. நம் ஊர் பாலிசிகள் பலவற்றில் 'நோட்டிஃபிகேஷன் எக்ஸ்டென்ஷன்' என்றொரு பிரிவு உண்டு. குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பாலிசி காலத்துக்குள் தெரிவித்து, கம்பெனி அதை ஏற்றுக்கொண்டால், பின்னால் வரும் கிளெய்ம் இந்தக் காலத்தில் வந்ததாகவே கணக்காகும்.

2. கடிதம். பலர் தடுக்குவது இங்கேதான். "ஒரு கட்டடத்தில் பிரச்சினை வரலாம்" என்று எழுதினால் அது குறிப்பிட்ட சம்பவம் ஆகாது. "கம்பி குறைத்துவிட்டேன்" என்று எழுதினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் எழுதியதன் சாரம்:

"இன்ன முகவரியிலுள்ள வீட்டுக்கு இன்ன தேதியில் வரைபடம் கொடுத்தேன். மார்ச் 20 அன்று உரிமையாளர் பால்கனியில் விரிசல் இருப்பதாகத் தெரிவித்தார். கம்பி குறைவு என்று வேறொரு பொறியாளர் சொன்னதாகவும் கூறுகிறார். இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பழுது, இடித்துக் கட்டும் செலவு, காயம் தொடர்பாக என் மீது கிளெய்ம் வரலாம். இதைப் பாலிசியின் கீழான முன்னறிவிப்பாக ஏற்று எழுத்தில் உறுதி செய்யவும்."

படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், வரைபடம், வேலை ஒப்பந்தம் எல்லாம் இணைப்பாகப் போகட்டும்.

உரிமையாளரிடம், "நானே சரிபண்ணித் தர்றேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கம்பெனி சம்மதமில்லாமல் பொறுப்பேற்பது நிபந்தனை மீறல். ஆனால் "பால்கனியில யாரும் நிக்க வேண்டாம், முட்டுக் கொடுங்க" என்று உடனே சொல்லுங்கள். அது பாதுகாப்பு, அதைச் சொன்னால் தவறை ஒப்புக்கொண்டதாகாது.

3. அனுப்புவது. ஏஜென்டிடம் போனில் சொல்வதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். ஷெட்யூலில் உள்ள அலுவலகத்துக்கு மின்னஞ்சல், கூடவே ஸ்பீட் போஸ்ட். கடைசி நாளில் தபாலை மட்டும் நம்பாதீர்கள்.

4. பதிலை வாங்குங்கள். "மெயில் கிடைத்தது" என்பது ஏற்பு ஆகாது. "முன்னறிவிப்பாகப் பதிவு செய்தோம்" என்ற வாசகம் வரும்வரை விடாமல் கேளுங்கள்.

5. ரினியூவல் படிவம். கிளெய்ம் வரக்கூடிய சம்பவம் ஏதும் தெரியுமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, கடித நகலை இணையுங்கள்.

பிற்சேர்க்கை: தர்மபுரியில் பல் டாக்டராக இருக்கும் நண்பர், "அப்போ எல்லா பேஷன்ட் பேரையும் எழுதிக் குடுத்துடலாமா?" என்றார். முடியாது. யார், என்ன நடந்தது, எதனால் கிளெய்ம் வரும் என்று சொல்ல முடியாத பட்டியலைக் கம்பெனி ஏற்காது. இம்ப்ளான்ட் வைத்த பிறகு உதடு மரத்துப்போய், கேஸ் ஷீட் நகல் கேட்ட அந்த ஒருவரைப் பற்றி மட்டும் எழுதச் சொன்னேன்.